மேல் தட்டு மட்டும் சூடாகவில்லை

"சாண்ட்விச் டோஸ்டரில் கீழ்ப்பக்கம் சிவக்குது, மேல்பக்கம் ரொட்டி வெள்ளையாவே இருக்கு. காயில் போச்சா?"

அவசரப்பட்டு காயில் வாங்காதீங்க. பிளக்கைப் பிடுங்கி, நல்லா ஆறினதும் மேல்மூடியைக் கழற்றுங்க. காயிலின் இரு முனையிலும் வயரை எடுத்துவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்க. 750 வாட் டோஸ்டரில், இரண்டு காயிலும் சமமாக இருந்தால், ஒவ்வொன்றும் சுமார் 140 ஓம் காட்டும். கீழ்க்காயிலோடு ஒப்பிடுங்க. எதுவுமே காட்டாவிட்டால்தான் காயில் அறுந்திருக்கு.

சரியாகக் காட்டினால் கீல் பக்கம் போகும் வயரைப் பாருங்க. திறந்து மூடியே உள்கம்பி அறுந்திடும், மேலுறை முழுசா தெரியும். தேவனாம்பட்டினத்தில் எங்க வீட்டு டோஸ்டரில் முனை கிளிப்பே உப்புக்காற்றில் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. புது கிளிப்பை நெருக்கிப் பிடிச்சதும் சூடேறியது. ஈயம் வைக்காதீங்க, சூட்டில் உருகிடும். கண்ணாடியிழை உறை போட்ட வயர்தான் போடணும். மூடும் முன் காயில் முனைக்கும் தகட்டுக்கும் தொடர்பு இல்லையான்னு மீட்டரில் பாருங்க. இருந்தால் ஷாக் அடிக்கும்.