இயந்திரம் வாங்கிக்கொண்டே இருந்தால் வளர்ந்துகொண்டே இருக்கலாமா?

பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1956இல் எழுதிய பொருளாதார வளர்ச்சி மாதிரியைப் பற்றி வந்த கேள்விகள் இவை. இதே கருத்தை அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ட்ரெவர் ஸ்வானும் தனியாக எழுதினார். பாடப்புத்தகங்களில் சோலோ பெயர்தான் நின்றுவிட்டது.

கேள்வி: 'குறைந்து செல் விளைவு' என்றால் மூலதனம் கூடக்கூட உற்பத்தி குறையும் என்று அர்த்தமா?

இல்லை. தேர்வுத்தாளில் நான் அதிகம் திருத்திய தவறு இதுதான். உற்பத்தி கூடத்தான் செய்யும். குறைவது ஒவ்வொரு முறையும் கூடுகிற அளவு.

கையால் தைக்கும் ஒரு தையல்காரருக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்தால் அவர் வேலையே மாறிவிடும். அடுத்து ஓரம் அடிக்கும் மெஷின் கொடுங்கள்; நல்ல உதவிதான், ஆனால் முதல் மெஷின் அளவுக்கு இல்லை. மூன்றாவதாகப் பட்டன் துளை போடும் மெஷின் வந்தால் ஒரு சட்டைக்குச் சில நிமிடங்கள் மிச்சம். நான்காவது மெஷின் பெரும்பாலும் உறை போட்டு மூடியே இருக்கும், ஏனென்றால் அவருக்கு இருப்பது இரண்டு கைகள். தொழிலாளியும் தொழில்நுட்பமும் அப்படியே இருக்க, மூலதனம் மட்டும் பெருகும்போதுதான் இந்த விதி வேலை செய்கிறது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டால் விதியே தப்பாகிவிடும்.

கேள்வி: கொஞ்சமாகவாவது உற்பத்தி கூடுகிறதே? அதில் ஒரு பங்கைச் சேமித்து மறுபடி முதலீடு செய்தால் வளர்ச்சி ஏன் நிற்க வேண்டும்?

நிறுத்துவது தேய்மானம். குறைந்து செல் விளைவு தனியாக வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான். அதோடு தேய்மானம் சேரும்போதுதான் சுவர் வருகிறது.

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி, அவரிடமுள்ள மூலதனத்தின் வர்க்கமூலம் என்று வையுங்கள். 4 அலகு மூலதனத்துக்கு 2 அலகு உற்பத்தி, 9க்கு 3, 16க்கு 4. உற்பத்தியில் 20% சேமிப்பு, அது முழுவதும் முதலீடு. மூலதனத்தில் ஆண்டுக்கு 5% தேய்ந்து போகிறது.

மூலதனம் 4ஆக இருக்கும்போது புது முதலீடு 0.4, தேய்மானம் 0.2. கையில் நிற்பது 0.2. மூலதனம் 9ஆனதும் முதலீடு 0.6, தேய்மானம் 0.45, நிற்பது 0.15தான். 16ஐத் தொட்டதும் முதலீடும் 0.8, தேய்மானமும் 0.8. அந்த ஆண்டு வாங்கிய இயந்திரம் அத்தனையும் பழசுக்கு மாற்றாகவே போய்விடுகிறது. இதைத்தான் மாறா நிலை என்கிறோம். யாராவது 25 அலகைத் தூக்கிக் கொடுத்தாலும் தேய்மானம் 1.25, முதலீடு 1; மெல்லக் கரைந்து 16க்கே திரும்பிவிடும்.

காரணம் இதுதான்: மூலதனம் நான்கு மடங்கானால் தேய்மானமும் நான்கு மடங்காகிறது. அதற்குத் தீனி போடவேண்டிய உற்பத்தியோ இரண்டு மடங்குதான் ஆகிறது.

கேள்வி: மக்கள்தொகை பெருகினால்?

ஏறக்குறைய தேய்மானம் கூடிய கதைதான். புதிதாக வருகிறவர்களுக்கும் இயந்திரம் வேண்டும். மேலே உள்ள கணக்கில் தொழிலாளர் எண்ணிக்கை ஆண்டுக்கு 2% கூடினால், 5% தேய்மானம் 7% ஆனதுபோல் ஆகிவிடும். ஆளுக்கான மூலதனம் 16க்குப் பதில் 8 அலகு அருகிலேயே நின்றுவிடும்.

கேள்வி: அப்படியானால் சேமிப்பைக் கூட்டினால் போதுமே?

கூட்டலாம், பலனும் உண்டு. ஆனால் அந்தப் பலன் எந்த வகை என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

16இல் நிற்கும் நாடு சேமிப்பை 20%இலிருந்து 30%ஆக உயர்த்துகிறது என்போம். புதிய மாறா நிலை 36 அலகு மூலதனம், 6 அலகு உற்பத்தி. 4 இருந்த இடத்தில் 6 என்பது சின்ன விஷயமில்லை. வழியைப் பாருங்கள்: முதல் ஆண்டில் உற்பத்தி சுமார் 1.2% வளரும். மூலதனம் 25ஐத் தொடும்போது வளர்ச்சி 0.5%ஆக இறங்கியிருக்கும். 36இல் மறுபடி பூஜ்யம். மட்டம் நிரந்தரமாக உயர்ந்தது. வளர்ச்சி வேகம் தற்காலிகமாகத்தான் உயர்ந்தது.

அந்தத் 'தற்காலிகம்' நீளமானது. இந்தக் கணக்கில் உற்பத்தி 4இலிருந்து 5ஐ எட்டவே, அதாவது பாதி வழிக்கே, ஏறக்குறைய 28 ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறை முழுக்க வளர்ச்சியைப் பார்த்தவர்கள் அதை நிரந்தரம் என்று நம்பிவிடுவதில் வியப்பில்லை. இன்னொரு பக்கம், நுகர்வு முதலில் 3.2இலிருந்து 2.8ஆக விழும்; பழைய அளவுக்குத் திரும்பவே 13, 14 ஆண்டுகள் பிடிக்கும். அந்தக் காலத்தில் வயிற்றைக் கட்டுகிறவரும் கடைசியில் 4.2 அலகை அனுபவிக்கிறவரும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சேமிப்புக்கு உச்சவரம்பும் உண்டு. 50%இல் மாறா நிலை நுகர்வு 5 அலகு. 60%ஆக்கினால் உற்பத்தி 10இலிருந்து 12 ஆகும், நுகர்வோ 4.8ஆகக் குறையும். இயந்திரங்களைப் பராமரிப்பதற்கே வாழ்வது போன்ற நிலை அது. 1994இல் பொருளியலாளர் பால் க்ருக்மன் சிங்கப்பூரைப் பற்றிக் கிளப்பிய வாதமும் இந்தத் தடத்தில்தான் வந்தது: உற்பத்தியில் முதலீட்டின் பங்கை 11%இலிருந்து 40%க்கு மேல் கொண்டுபோகலாம், அதே பாய்ச்சலை இன்னொரு முறை செய்ய முடியாது. அவர் முடிவைப் பற்றிச் சண்டை போடலாம். இந்தக் கணக்கைப் பற்றிப் போட முடியாது.

கேள்வி: போரில் நொறுங்கிய ஜெர்மனியும் ஜப்பானும் வேகமாக எழுந்தன. ஏழை நாடுகள் எல்லாம் ஏன் அப்படி எழவில்லை?

மூலதனம் அழிந்தது, படித்த தொழிலாளர்களும் சேமிக்கும் பழக்கமும் மிஞ்சின. 16இல் இருந்த நாட்டை 4க்குத் தள்ளியது போல அது. அங்கே ஒவ்வொரு புது இயந்திரமும் நிறையத் தரும், தேய்மானமோ கொஞ்சம். வேகம் தானாக வரும்.

இப்போது அதே 4 அலகில் நிற்கும் இன்னொரு நாட்டைப் பாருங்கள். அதன் சேமிப்பு 10%தான். முதலீடு 0.2, தேய்மானமும் 0.2. அது தன் மாறா நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அளவு ஏழை. ஒன்று ஆண்டுக்கு 2.5% வளர்கிறது, மற்றொன்று அசையவில்லை. ஏழை நாடு பணக்கார நாட்டை எட்டிப் பிடிக்கும் என்று சோலோ மாதிரி சொல்வதாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு நாடும் ஓடுவது தன்னுடைய மாறா நிலையை நோக்கித்தான்.

கேள்வி: அப்படிப் பார்த்தால் பணக்கார நாடுகள் எப்போதோ நின்றிருக்க வேண்டுமே?

நிற்கவில்லை, ஏனென்றால் எவ்வளவு மூலதனத்துக்கு எவ்வளவு உற்பத்தி என்று காட்டும் வளைகோடே மேலே நகர்கிறது. அதே மெஷினில், அதே நேரத்தில், அதிகத் துணி தைக்க வழி கண்டுபிடித்தால் உற்பத்தி உயரும். சேமிப்பும் உயர்ந்து தேய்மானத்தை மறுபடி முந்தும். சோலோ 1957இல் அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு மணி நேர உழைப்புக்கான உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. அதில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் மூலதனப் பெருக்கம் காரணம். மீதி எட்டில் ஏழு பங்கைத் தொழில்நுட்ப மாற்றத்தின் கணக்கில் எழுதினார்.

எழுதினார் என்றுதான் சொல்ல வேண்டும், அளந்தார் என்றல்ல. மூலதனத்துக்கும் உழைப்புக்கும் கொடுத்தது போக எஞ்சியதற்கு இட்ட பெயர் அது. கல்வி, மேலாண்மை, அளவீட்டுப் பிழை எல்லாமே அதற்குள் கலந்திருக்கும். தொழில்நுட்பம் எங்கிருந்து வருகிறது என்று இந்த மாதிரியிடம் கேட்டால் பதில் கிடையாது. வெளியிலிருந்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கேள்வியைப் பின்னால், 1980களின் நடுவில், பொருளியலாளர் பால் ரோமர் கையில் எடுத்தார்.