ஸ்லைடில் கேட்ட பணத்துக்கு நோட் எழுதும்போது

கேள்வி: பட்ஜெட் கேட்டுப் போட்ட பிபிடியை அப்ரூவல் நோட்டாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். தொகை, காரணம், எதிர்பார்க்கும் வருமானம் எல்லாம் இருக்க வேண்டுமாம். ஸ்லைடில் உள்ளதை அப்படியே எழுதினால் போதாதா?

போதாது. மீட்டிங்கில் டைரக்டர் தலையாட்டியிருப்பார், "நோட் போடுங்க, பார்க்கலாம்" என்றிருப்பார், நீங்களும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். ஸ்லைடு போட்டபோது பேச நீங்கள் அங்கே இருந்தீர்கள். நோட்டைப் படிப்பவர் பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். மூன்று வருடம் கழித்து ஆடிட்டர் எடுத்துப் படிக்கும்போது அந்தக் கம்பெனியிலேயே இருப்பீர்களோ என்னவோ.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவைப் பார்க்கிறேன். பழைய 75 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரஸரை எடுத்துவிட்டு, தேவைக்கேற்ப வேகம் மாறும் விஎஃப்டி வகையைப் போட வேண்டியிருந்தது. ப்ராஜெக்ட் டீம் தயாரித்த பிபிடியில் இருந்தது இவ்வளவுதான்: விலை 21 லட்சம், மின்சாரம் 35 சதவீதம் மிச்சம், வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் லாபம், இரண்டே வருடத்தில் போட்ட பணம் திரும்பும். அதை நோட்டாக்கும் வேலை என்னிடம் வந்தது.

நான் முதலில் எழுதியது கடைசியில் வரவேண்டிய பத்தியை, அதாவது கையெழுத்துப் போடுபவர் எதற்கு ஒப்புதல் தருகிறார் என்ற ஒரே வாக்கியத்தை. "ஒரு கம்ப்ரஸர் வாங்கி நிறுவ, வரி நீங்கலாக 22.80 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டி 4.10 லட்சம், மொத்தம் 26.90 லட்சம் செலவிட ஒப்புதல் கோரப்படுகிறது." 21 எப்படி 22.80 ஆனது? ஸ்லைடில் இருந்தது மெஷின் விலை மட்டும். கிரேன், பைப்லைன் மாற்றம், கேபிள் எல்லாம் சேர்ந்து 1.80 லட்சம். இதை விட்டிருந்தால் ஈஆர்பியில் பர்ச்சேஸ் ஆர்டர் போடும்போது ஒப்புதல் தொகையைத் தாண்டிவிட்டது என்று நின்றிருக்கும், நானும் இன்னொரு நோட்டோடு அலைந்திருப்பேன்.

ஜிஎஸ்டியை ஏன் தனியாகக் காட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். எங்களுக்கு அது உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும், எனவே செலவுக் கணக்கில் வராது. ஆனால் சப்ளையருக்குக் கொடுக்கும்போது கையிலிருந்து போகும், அதனால் பணப்புழக்கம் பார்ப்பவருக்கு மொத்தத் தொகை தெரிய வேண்டும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் டைரக்டரின் அதிகார வரம்பு 25 லட்சம். வரியோடு பார்த்தால் போர்டுக்குப் போக வேண்டும், வரி நீங்கலாகப் பார்த்தால் அவரே போடலாம். எங்கள் அதிகாரப் பட்டியலில் "வரி நீங்கலாக" என்று தெளிவாக இருந்ததால் அந்த வாசகத்தைக் குறிப்பிட்டே எழுதினேன். உங்கள் இடத்தில் எப்படி என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வரம்புக்குள் அடக்க மெஷினுக்கு ஒரு ஆர்டர், பைப்லைனுக்கு ஒரு ஆர்டர் என்று உடைக்க யாராவது யோசனை சொல்வார்கள். ஆடிட்டில் முதலில் பிடிபடுவதே அதுதான், அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

அடுத்தது வருமானம். 35 சதவீதம் என்பது சப்ளையரின் கேட்லாக்கில் "வரை" என்ற சொல்லோடு வந்த எண். ஸ்லைடுக்கு வரும்போது அந்த "வரை" காணாமல் போயிருந்தது. நான் பழைய மெஷினில் ஒரு வாரம் பவர் லாகர் மாட்டினேன். ஓடும் நேரத்தில் 55 சதவீதம்தான் லோடில் இருந்தது. மீதி நேரம் காற்றே கொடுக்காமல், முழு லோடில் இழுப்பதில் ஏறக்குறைய 30 சதவீத மின்சாரத்தை இழுத்துக்கொண்டு சும்மா சுற்றியது. வருடத்துக்கு 6,000 மணி நேர ஓட்டத்தில் மொத்தம் 3.08 லட்சம் யூனிட், அதில் சும்மா சுற்றியது மட்டும் 60,000 யூனிட் சொச்சம். விஎஃப்டி மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம் என்பதையும் சேர்த்து, விஎஃப்டியின் சொந்த இழப்பைக் கழித்து, 70,000 யூனிட் என்று எழுதினேன். 23 சதவீதம்.

யூனிட் விலையிலும் ஒரு பிசகு இருந்தது. மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து 9.50 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அதில், ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்குக் கட்டும் டிமாண்ட் சார்ஜும் சேர்ந்திருக்கிறது. புதிய மெஷினும் சில நேரம் முழு லோடில் ஓடத்தான் செய்யும், எனவே டிமாண்ட் சார்ஜ் குறையும் என்று எழுத முடியாது. யூனிட் கட்டணம் 7.50 மட்டும் எடுத்தேன். வருட மிச்சம் 5.25 லட்சம், பிபிடியில் சொன்னதில் ஏறக்குறைய பாதி.

ப்ராஜெக்ட் டீமில் ஒருவர் "சார், இதைப் பார்த்தா பாஸ் ஆகாது" என்றார். பாஸ் ஆனது. காரணம், வாங்காவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு. பிபிடியில் அது "பழைய மெஷின், அடிக்கடி பழுது" என்று ஒரே வரியாக இருந்தது. பழைய மெஷினில் காற்றை அழுத்தும் பாகமான ஏர் எண்டை அந்த வருடமே ஓவர்ஹால் செய்தாக வேண்டும், அதற்கு 4.50 லட்சம் கொட்டேஷன் கையில் இருந்தது. புதியதை வாங்கினால் அந்தச் செலவு இல்லை, பழையதைத் திருப்பிக் கொடுத்தால் 1.40 லட்சமும் வரும். 22.80-இல் இரண்டையும் கழித்தால் கூடுதலாகப் போடும் பணம் 16.90 லட்சம். அது 3.2 வருடத்தில் திரும்பும். ஓவர்ஹால் செலவைக் கழிக்காமல் பார்த்தால் 4.1 வருடம். இரண்டையும் நோட்டில் காட்டினேன், எது எப்படி வந்தது என்றும் எழுதினேன்.

சிஏ படித்தவர்கள் வந்து "பேபேக் எல்லாம் ஒரு அளவா, ஐஆர்ஆர் எங்கே" என்பார்கள். எங்கள் கம்பெனியில் 50 லட்சத்துக்குக் கீழே, போட்ட பணம் திரும்பும் காலமான பேபேக் போதும் என்பது விதி. உங்கள் படிவத்தில் வருட வருமான விகிதமான ஐஆர்ஆர் கேட்டால் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடியில் இருக்கும் 70,000 யூனிட் தப்பாக இருந்தால் எந்தச் சூத்திரமும் அதைச் சரி செய்யாது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதே வருடம் ரிசப்ஷனுக்குப் புது ஃபர்னிச்சர், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் வந்தது. அதற்கு யாரும் வருமானக் கணக்கு கேட்கவில்லை, "கஸ்டமர் விசிட்" என்ற இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. ஷாப் ஃப்ளோரில் ஒரு வால்வு மாற்ற மூன்று கொட்டேஷன் வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டு மே மாதத்தில் போட்ட நோட் தீபாவளி தாண்டியும் வரவில்லை. அந்த வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நின்று வேலை செய்பவர்களின் நிலைமைக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. எனக்கு இதில் இன்னும் கோபம் இருக்கிறது.

சரி, நோட்டுக்கு வருகிறேன். எந்த நிலையில் இந்தக் கணக்கு பொய்க்கும் என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். மூன்று ஷிஃப்ட் இரண்டாகக் குறைந்து 4,000 மணி நேரம்தான் ஓடினால் மிச்சம் 3.50 லட்சம், பணம் திரும்ப 4.8 வருடம் என்று ஒரு வரி போட்டேன். ஃபைனான்ஸ் மேடம் முதலில் கேட்டது அதைத்தான், பதில் ஏற்கெனவே தாளில் இருந்தது. தனி மீட்டர் பொருத்தி ஆறு மாதம் கழித்து அளவைக் கொடுப்பது யார் என்று என் பதவியையும் எழுதினேன்.

அப்புறம், பிபிடியை இணைப்பாக வைக்காதீர்கள். கொட்டேஷன்களும் லாகர் அளவும் போதும். ஆனால் மீட்டிங்கில் ஓர் எண்ணைக் கேட்டவர் நோட்டில் வேறு எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படுவார். அதனால் "மீட்டிங்கில் காட்டிய 10 லட்சம் கேட்லாக் அளவையும் சராசரிக் கட்டணத்தையும் வைத்தது, இந்த 5.25 லட்சம் நம் மெஷினில் அளந்ததையும் யூனிட் கட்டணத்தையும் வைத்தது" என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.