துணைத்தலைப்பு இருந்தும் பதில் கண்ணில் படவில்லையா?

கேள்வி: பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு மாறுவது எப்படி என்று 2,000 சொல்லில் ஒரு கட்டுரை எழுதினேன். ஐந்து துணைத்தலைப்புகள் வைத்திருக்கிறேன். ஆனாலும் அதைப் பார்த்தவர்கள், அதிலேயே இருக்கும் விஷயத்தைத் திரும்ப என்னிடம் கேட்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: உங்கள் தலைப்புகளைப் பார்த்தேன்: முன்னுரை, தயாரிப்பு, செயல்முறை, முக்கியக் குறிப்புகள், முடிவுரை. இவற்றைத் தூக்கி ரசம் வைக்கும் கட்டுரையில் போட்டாலும் பொருந்தும். தப்பு அங்கேதான். கட்டுரைக்கு வருபவர் 'செயல்முறை'யைத் தேடி வரவில்லை. "வாட்ஸ்அப் சாட் எல்லாம் போய்விடுமா?" என்ற பயத்தோடு வருகிறார். அவர் மனதில் ஓடும் சொல் தலைப்பில் இல்லையென்றால், பதில் அதன் கீழேயே இருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அது இல்லைதான்.

ஆகவே முதலில் உங்களிடம் வந்த கேள்விகளை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். தலைப்புகள் அதிலிருந்துதான் வர வேண்டும். 'செயல்முறை' என்ற ஒரே மூட்டையை இப்படிப் பிரிக்கலாம்:

- தொடர்பு எண்களை மாற்ற
- போட்டோ, வீடியோவை மாற்ற
- வாட்ஸ்அப் சாட்டை மாற்ற
- ஓடிபி தரும் செயலியை மாற்ற
- பேக்கப் பாதியில் நின்றால்
- பழைய போனை அழிக்கும் முன்

ஒவ்வொன்றிலும் முதல் சொல் வேறாக இருப்பதைக் கவனியுங்கள். இதையே "புதுப் போனுக்குத் தொடர்பு எண்களை மாற்றுவது எப்படி", "புதுப் போனுக்குப் போட்டோக்களை மாற்றுவது எப்படி" என்று எழுதியிருந்தால் எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியும். வேறுபடும் சொல் நடுவில் புதைந்துவிடும். இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006-இல் 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து வெளியிட்ட ஆய்வில், வாசகர்களின் பார்வை பெரும்பாலும் ஆங்கில F எழுத்தின் வடிவில் போவது தெரிந்தது. மேலே ஓரிரு வரிகளில் குறுக்கே ஓடும். அப்புறம் இடது ஓரமாகவே கீழே இறங்கிவிடும். அந்த ஓரத்தில் விழும் சொல்லுக்குத்தான் மதிப்பு. தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கு வசதி, தேடும் பொருளின் பெயரை வாக்கியத்தைத் திருகாமல் முதலில் வைத்துவிடலாம்.

தலைப்பைத் திருத்தியதும் வேலை பாதிதான் முடியும். உங்கள் வாட்ஸ்அப் பகுதி "இன்றைய சூழலில் வாட்ஸ்அப் நம் வாழ்வின் அங்கமாகிவிட்டது" என்று தொடங்குகிறது. தாவி வந்தவர் அங்கே பொறுமை இழப்பார். முதல் வரியிலேயே பதில் இருக்கட்டும்: "சாட் போகாது, பழைய போனை அழிக்கும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்." படிகள் அதற்குக் கீழே வரட்டும்.

இன்னொரு பெரிய கோளாறு, "மேலே சொன்னபடி பேக்கப் எடுத்த பிறகு" என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். நேராக நடுவில் வந்து இறங்கியவர் மேலே எதையும் படிக்கவில்லையே! அந்த ஒரு வரியை அங்கேயே திரும்பச் சொல்லுங்கள், அல்லது எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பெயர் சொல்லி இணைப்புக் கொடுங்கள். முழுதாகப் படிப்பவருக்குக் கொஞ்சம் சலிப்பாக இருக்கலாம், பரவாயில்லை.

எச்சரிக்கைகளிலும் இதே கதை. ஓடிபி செயலியை மாற்றாமல் பழைய போனை அழித்தால் சில கணக்குகளுக்குள் நுழைவதே சிரமமாகிவிடும் என்பதைக் கடைசியில், 'முக்கியக் குறிப்புகள்' பகுதியில் வைத்திருக்கிறீர்கள். அதைப் படிக்கும்போது சிலர் போனை அழித்தே இருப்பார்கள். அழிக்கச் சொல்லும் படிக்கு நேர் மேலே அந்த வரி வர வேண்டும். அப்படிச் செய்தால் 'முக்கியக் குறிப்புகள்' தானாகவே காலியாகிவிடும். அந்தத் தலைப்பையே எடுத்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விட்டிருக்கிறீர்கள். கண்ணுக்கு அது தலைப்பு, கணினிக்கு அது சாதாரண வரி. எழுதும் மென்பொருளில் Heading 2 என்ற பாணியைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் வரும் உட்பிரிவுக்கு Heading 3. அப்போதுதான் உள்ளடக்கப் பட்டியலைத் தானாக உருவாக்க முடியும். NVDA போன்ற திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்ற வாசகரும் H விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். எழுத்து அளவு பிடித்திருக்கிறது என்பதற்காக 2-க்கு அடுத்து 4-க்குப் போகாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் தலைப்புகளை மட்டும் தனித் தாளில் எடுத்து, கட்டுரையைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். "பேக்கப் 60 சதவீதத்தில் நிற்கிறது, எதைத் திறப்பாய்?" என்று கேளுங்கள். விரல் உடனே ஒரு தலைப்பில் போய் நின்றால் சரி. இரண்டுக்கு நடுவில் தயங்கினால், அந்த இரண்டில் ஒன்றின் பெயரை மாற்ற வேண்டும்.