சேப்டி போட்ட துவக்கு தவறி விழுந்தால் வெடிக்குமா?

"எங்களிடம் 12 போர் இரட்டைக்குழல் துவக்கு இருக்கிறது. சேப்டியைப் போட்டுவிட்டால் குழல் எந்தப் பக்கம் பார்த்தாலும் பயமில்லைதானே?"

பயமுண்டு. உங்கள் துவக்கில் பெருவிரலுக்குக் கீழே உள்ள அந்தச் சிறு வழுக்கி, பெரும்பாலான இரட்டைக்குழல்களில், விசையை மட்டுமே அசையாமல் தடுக்கிறது. உள்ளே இருக்கும் சுத்தியலை அது தொடுவதேயில்லை. துவக்கை முறித்து மூடியவுடன் இரண்டு சுத்தியல்களும் விறைத்து நிற்கும். ஒவ்வொன்றையும் பிடித்து வைத்திருப்பது, அதன் அடியில் வெட்டப்பட்ட மெல்லிய பள்ளம் ஒன்றில் மாட்டியிருக்கும் சிறிய உருக்குக் கொளுக்கிதான். அந்தக் கொளுக்கியின் முனை தேய்ந்திருந்தாலோ, பழைய எண்ணெய் தூசியோடு இறுகி அதை முழுமையாக உட்காரவிடாமல் செய்தாலோ, விசையை எவரும் தொடாமலே ஒரு பலத்த அதிர்ச்சியில் அது நழுவிவிடலாம்.

தம்பலகாமத்தில் பன்றிக் காவலுக்குப் போன இரவொன்றில் இதை நேரில் கண்டேன். பெரியப்பா ஈர வரம்பில் சறுக்கி விழ, துவக்கின் அடிக்கட்டை வாய்க்காலின் சீமெந்துக் கட்டில் மோதி, இடது குழல் வெடித்தது. நான் அவருக்கு நான்கு அடி முன்னால் நடந்துகொண்டிருந்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தபோது வழுக்கி "S" எழுத்தை மூடாமல், போட்ட இடத்திலேயே இருந்தது. அவர் எப்போதும் குழல்வாயை ஆளில்லாத பக்கமாகச் சரித்தே கொண்டுசெல்பவர் என்பதால், சன்னங்கள் எனக்கு வலப்புறத்து வயற்சேற்றில் புதைந்தன. பின்பு துவக்குத் திருத்துபவர் அடித்தகட்டைக் கழற்றி, இடப்பக்கக் கொளுக்கியின் முனை உருண்டுபோயிருந்ததை எங்களுக்குக் காட்டினார்.

எல்லாச் சேப்டிகளும் இவ்வளவு பலவீனமானவை அல்ல. விலையுயர்ந்த சில இரட்டைக்குழல்களில், முதற் கொளுக்கி நழுவினாலும் சுத்தியலை வழியில் தடுக்கும் இரண்டாவது கொளுக்கி உண்டு. மௌசர் வகை றைபிளில் சேப்டி, ஊசியைச் செலுத்தும் பகுதியையே பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. இக்காலக் கைத்துப்பாக்கிகள் பலவற்றில், விசையை முழுதாக இழுக்கும்வரை ஊசிக்குக் குறுக்கே ஒரு கட்டை நிற்கும். வெளியே சுத்தியல் தெரியும் பழைய ஒற்றைக்குழல்களிலோ பெரும்பாலும் பாதி இழுப்பில் நிற்கும் பள்ளம் ஒன்றே காவல். அது தேய்ந்த துவக்குகளும் ஊர்களில் இருக்கின்றன. எந்த வகையானாலும் தேய்மானத்தை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வழுக்கி எப்போதும்போலவே "டக்" என்று விழும்.

ஆகவே குழல்வாய் யாரையும் பார்க்காதிருப்பதே நீங்கள் கண்ணால் சரிபார்க்கக்கூடிய காவல். நிலத்தை நோக்கிப் பிடிப்பதாயின் அது சேறா பாறையா என்று பாருங்கள். நம் பக்கத்துக் கருங்கல்லில் பட்டால் சன்னம் தெறித்துத் திரும்பும். வேலியோ வாய்க்காலோ வந்தால் சேப்டியை நம்பித் தாண்டாதீர்கள். துவக்கை முறித்து, இரண்டு தோட்டாக்களையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, முறித்த நிலையிலேயே மறுபக்கம் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். குழல் இரண்டும் காலியாக இருப்பதை அவரும் இருட்டிலேயே விரலால் தடவி அறியலாம்.