முன் அனுமதி கட்டாயம் – யாருக்கு, யாரிடம்?

"மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஹெச்.ஆர். வேலை பார்க்கிறேன். முன்பு இருந்தவர் விடுப்பு விதிகளை பிபிடியாகப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைக் கையேட்டில் ஒரு பகுதியாக்கச் சொல்கிறார் முதலாளி. ஸ்லைடில் இருந்ததை அப்படியே வேர்டில் ஒட்டிக் கொடுத்தேன். யாரும் படிக்கவில்லை, படித்தவர்களும் என்னிடமே வந்து கேட்கிறார்கள். எங்கே தப்பு?"

ஸ்லைடு என்பது பாதிப் பேச்சுதான். மீதிப் பாதியை, அன்றைக்கு முன்னால் நின்று விளக்கியவர் வாயால் சொல்லியிருப்பார். அவர் போய்விட்டார், உங்களிடம் இருப்பது வெறும் குறிப்பு. அதனால் எழுதுவதற்கு முன்னால் அந்த விளக்கத்தைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. பிபிடியில் ஸ்லைடுக்குக் கீழே நோட்ஸ் பகுதி இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். அன்று உட்கார்ந்து கேட்ட சூப்பர்வைசர்கள் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் அது விதி. வேறு வேறாகச் சொன்னால் விதியே இல்லை, ஆளாளுக்கு ஒரு வழக்கம்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் அனுப்பிய விடுப்பு ஸ்லைடையே எடுத்துக்கொள்கிறேன். அதில் ஐந்து வரி: முன் அனுமதி கட்டாயம். அவசரத்தில் விலக்கு உண்டு. நெருங்கிய உறவினர் இறப்புக்கு 3 நாள். சீசனில் விடுப்பு தவிர்க்கப்பட வேண்டும். விவரங்களுக்கு ஹெச்.ஆர்.

ஐந்து வரியிலும் செய்ய வேண்டியவர் யார் என்பது இல்லை, கவனித்தீர்களா? தமிழில் ஆளைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் பேசினாலும் வாக்கியம் நிற்கும், பேச்சில் அது வசதி. விதியில் அதுதான் தொல்லை. "தெரிவிக்க வேண்டும்" என்றால் யார் தெரிவிக்க வேண்டும், யாரிடம்? "வழங்கப்படும்" என்றால் யார் வழங்குவார்? இந்தப் "படும்" வருகிற இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு ஆள் ஒளிந்திருப்பார். "லாம்" இன்னும் மோசம். "விடுப்பு எடுக்கலாம்" என்பதைத் தொழிலாளி தன் உரிமை என்று படிப்பார், சூப்பர்வைசர் தன் தயவு என்று படிப்பார், சண்டை அங்கே ஆரம்பிக்கும். கடமைக்கு "வேண்டும்", தடைக்கு "கூடாது", உரிமைக்கு "உரிமை உண்டு" என்று வைத்துக்கொண்டு, "லாம்" என்பதை ஒருவர் விருப்பப்பட்டால் செய்யக்கூடியதற்கு மட்டும் விடுங்கள்.

இப்போது முதல் வரியை விரித்துப் பார்ப்போம். அளவுகளை உதாரணத்துக்காக நான் போடுகிறேன், உங்களுக்கானதை முதலாளிதான் சொல்ல வேண்டும்.

"சாதாரண விடுப்பு வேண்டுபவர் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன்பே தன் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடம் விடுப்புச் சீட்டு கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் மறுநாள் ஷிஃப்ட் முடிவதற்குள் சரி அல்லது இல்லை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லை என்றால் காரணத்தையும் எழுத வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் தொழிலாளி சீட்டின் நகலோடு ஹெச்.ஆரிடம் வரலாம், ஹெச்.ஆர். அன்றே முடிவு சொல்ல வேண்டும்."

மூன்று சொல் நான்கு வாக்கியமாகிவிட்டது, பரவாயில்லை. இதில் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. ஸ்லைடில் தொழிலாளிக்கு மட்டும்தான் கடமை இருந்தது, இப்போது சூப்பர்வைசருக்கும் ஹெச்.ஆருக்கும் வந்துவிட்டது. சூப்பர்வைசர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருப்பதுதான் உங்களிடம் வருகிற புகாரில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது விலக்கு. "அவசரம்" என்று மட்டும் விட்டால், சண்டை என்று வரும்போது எல்லாமே அவசரம். எதெல்லாம் அவசரம் என்று பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்: தனக்கோ வீட்டில் இருப்பவருக்கோ நோய், விபத்து, வீட்டில் இறப்பு, புயலாலோ வெள்ளத்தாலோ பாதை அடைபடுவது. இந்த நான்கிலும் முன் சீட்டு தேவையில்லை, ஷிஃப்ட் தொடங்கி 2 மணி நேரத்துக்குள் போனில் சொன்னால் போதும், சீட்டைத் திரும்பி வந்த அன்று கொடுக்கலாம். இதில் வராத ஐந்தாவது காரணம் ஒன்று வந்தால் முடிவு செய்பவர் யார் என்பதையும் ஒரே ஒரு பதவியின் பெயரால் சொல்லிவிடுங்கள். "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்றால் நேரத்துக்கு ஒருவர் முடிவு செய்வார்.

புயலை ஏன் தனியாகச் சேர்க்கிறேன் என்றால், 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் "2 மணி நேரத்துக்குள் தகவல் தராதவருக்குச் சம்பளம் இல்லை" என்று ஒரு விதி இருந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோட்டில் எங்கு பார்த்தாலும் மரம். நான்கு நாள் கழித்து வந்தவர்களுக்கு விதிப்படி சம்பளம் பிடித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுக்க ஒரு மாதம் இழுத்தார்கள். விதியை எழுதியவர் கெட்டவர் இல்லை, போன் வேலை செய்யாத நாளை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் "போன் தொடர்பு இல்லாதபோது, தொடர்பு வந்ததும் சொன்னால் போதும்" என்ற வரியும் சேர வேண்டும்.

விலக்குக்கும் ஒரு விலக்கு உண்டு. பாய்லர் பார்ப்பவர் ஷிஃப்ட் நடுவில் அழைப்பு வந்தால் அப்படியே எழுந்து போக முடியாது. சான்றிதழ் உள்ள ஆள் பக்கத்தில் இல்லாமல் பாய்லர் ஓடக்கூடாது. "பாய்லர் ஆபரேட்டர் பொறுப்பை மாற்று ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். மாற்று ஆள் இல்லாவிட்டால் ஷிஃப்ட் சூப்பர்வைசர் பாய்லரை நிறுத்த ஏற்பாடு செய்து அவரை அனுப்ப வேண்டும்" என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். பத்துப் பக்கம் தள்ளிப் பாதுகாப்புப் பகுதியில் வைத்தால் யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

மூன்றாவது வரிதான் உங்களுக்கு அதிகம் வம்பு தரும். "நெருங்கிய உறவினர்" யார்? ஏதோ ஆங்கில மாதிரியில் அம்மா, அப்பா, கணவன், மனைவி, பிள்ளை என்று இருந்ததை அப்படியே எடுத்திருப்பார்கள். நம் ஊரில் மாமனார் செத்தால் மருமகன் போகாமல் இருக்க முடியுமா? வளர்த்த பெரியப்பா? தாய்மாமன்? உறவை முறை சொல்லிப் பட்டியலாக எழுதுங்கள், அம்மா அப்பாவில் தொடங்கி மாமனார், மாமியார், அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, தாத்தா, பாட்டி வரை, உங்கள் ஆலை எது வரை கொடுக்கத் தயாரோ அது வரை. அதற்கு வெளியே உள்ள சாவுக்கு ஒரு நாள் என்றோ, சொந்த விடுப்பில் கழியும் என்றோ தெளிவாகச் சொல்லிவிடலாம்.

அப்புறம் 3 நாள் தொடர்ச்சியாகவா, பிரித்தா? ஸ்லைடில் இல்லை. எடுப்புக்கு ஒரு நாள், பால் தெளிக்க ஒரு நாள், பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நாள் என்று எடுப்பதுதான் இங்கே நடைமுறை. தொடர்ச்சியாக மூன்று நாள் மட்டும்தான் என்றால் காரியத்தன்று அத்தனை பேரும் "காய்ச்சல்" என்று சீட்டுக் கொடுப்பார்கள். "இறந்த நாளிலிருந்து 20 நாட்களுக்குள், பிரித்தும் எடுக்கலாம்" என்ற ஒரு வரியில் அந்தப் பொய்க்கு வேலை இல்லாமல் போய்விடும்.

சீசன் வரிக்கு ஒரு தேதி வேண்டும். தை மாசி சம்பா அறுவடையில் நெல் வந்து குவியும்போது ஆலைக்கு ஆள் வேண்டும், அதே வாரத்தில்தான் உங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சொந்த வயலிலும் அறுப்பு. இது தவிர்க்கச் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை. "ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரே நாளில் இத்தனை பேருக்கு மேல் சாதாரண விடுப்பு கிடையாது, முதலில் சீட்டுக் கொடுத்தவருக்கு முதலில்" என்று எண்ணிக்கையால் கட்டுங்கள். சீசன் எந்தத் தேதியில் தொடங்கி எதில் முடிகிறது என்பதை வருடாவருடம் யார் அறிவிப்பார் என்றும் எழுதுங்கள், ஏனென்றால் மேட்டூரில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனால் அறுப்பும் தள்ளிப்போகும்.

சட்டம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஊதிய விடுப்பு ஸ்லைடில் "240 நாள் வேலை செய்தவருக்கு" என்று இருக்கிறது. அது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகிவிட்டது, 20 நாளுக்கு 1 நாள் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. போன வருடம் 200 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்குப் பழைய ஸ்லைடுபடி ஒன்றும் இல்லை, புதியதன்படி 10 நாள். பழைய பிபிடியில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் அச்சுக்குப் போகுமுன் உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக ஒரு எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அதே மாதிரி, ஸ்லைடில் பதில் இல்லாத இடத்தை நீங்களே நிரப்பாதீர்கள். முதலாளியிடம் "விடுப்பு பற்றி என்ன செய்யலாம்" என்று போனால் "பார்த்துச் செய்யுங்க" என்பார். "மாமனாருக்கு உண்டா, இல்லையா?" "பிரித்து எடுக்கலாமா, கூடாதா?" என்று ஆம் இல்லையில் பதில் வருகிற மாதிரி ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள்.

"விவரங்களுக்கு ஹெச்.ஆர்." என்பதில் மூன்று வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. விடுப்புக்குச் சரி சொல்பவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர். விதி புரியாவிட்டால் விளக்குபவர் நீங்கள். சூப்பர்வைசர் மேலேயே வருத்தம் என்றால் போக வேண்டிய ஆள் ஆலை மேலாளர். மூன்றையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொருவரும் இல்லாதபோது யார் என்பதையும் சேருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டிரையர் பக்கம் நிற்பவருக்கு ஹெச்.ஆர். அறை பூட்டித்தான் இருக்கும், அவருக்கு இரவு ஷிஃப்ட் பொறுப்பாளரின் போன் நம்பர்தான் வேண்டும். கையேட்டுக்குள் பதவியை மட்டும் போட்டு, பெயரும் நம்பரும் உள்ள தாளை நேரம் பதிக்கும் இடத்தில் ஒட்டிவிட்டால் ஆள் மாறும்போது அதை மட்டும் மாற்றினால் போதும்.

எழுதி முடித்ததும் மூட்டை தூக்குபவர் ஒருவர், சூப்பர்வைசர் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், மூன்று பேரிடமும் தாளைக் கொடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ஷிஃப்டில் இருக்கும்போது மாமியார் தவறிட்டதா போன் வருது. யார்கிட்ட சொல்வீங்க, எத்தனை நாள், சீட்டு எப்போ?" மூன்று பேரும் தாளில் விரலை வைத்து ஒரே பதிலைச் சொன்னால் அந்தப் பத்தி தேறிவிட்டது. ஒருவர் தாளைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தால் எந்த வரியில் நின்றார் என்று கேட்டு அந்த வரியை மட்டும் திருத்துங்கள்.

பழைய பிபிடியை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். கையேட்டின் முதல் பக்கத்தில் அது அமலுக்கு வரும் தேதியைப் போட்டு, "இதற்கு முன் வந்த பிபிடிக்கும் இதற்கும் வேறுபாடு இருந்தால் இதுவே செல்லும்" என்று எழுதி முதலாளியின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.