நாள் முழுக்கப் படித்தும் மார்க் ஏறாதது ஏன்?

"என் மகள் பிளஸ் டூ. காலை நாலு மணிக்கு எழுந்து, ஸ்கூல், டியூஷன் போக ராத்திரி பதினொன்றரை வரைக்கும் படிக்கிறாள். மார்க் மட்டும் ஏற மாட்டேங்குது. என்னதான் செய்வது?"

முதலில் அரையாண்டு விடைத்தாளைக் கையில் வாங்குங்கள். மணிக்கணக்கை அப்புறம் பேசலாம்.

நான் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன். இதே புலம்பலோடு ஒரு அப்பா போன் செய்தார். தையல் கடைக்காரர், பகலில் பள்ளிக்கு வர வழியில்லை. பையனிடமே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். உங்கள் மகளுக்கும் அதே நிலைமைதான் என்று தோன்றுவதால் அதில் எழுதியதைச் சொல்கிறேன்.

பையன் 70க்கு 29. போன 41 மார்க்கையும் அவனையே பக்கத்தில் உட்கார வைத்துப் பிரித்தேன். பாடமே புரியாமல் போனது 6. கேள்வியைத் தப்பாகப் படித்தது, அலகை விட்டது என்று 4. நேரம் போதாமல் எழுதாதது 7. மீதி 24, "படிச்சேன் சார், எழுதும்போது வரல" வகை. கடிதத்தின் முதல் வரியே இதுதான்: "ஐயா, உங்கள் மகன் படிக்காமல் மார்க் இழக்கவில்லை. படித்ததை வெளியே எடுத்துப் பழகாமல் இழக்கிறான்."

அது எப்படித் தெரிந்தது என்றால், புத்தகத்தை மூடச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம், ஐந்து மார்க் தருவிப்பு. படம் போட்டான், இரண்டு மின்னூட்டங்களின் புலத்தையும் சரியாக எழுதினான், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிற இடத்தில் நின்றுவிட்டான். அவன் புத்தகத்தில் அதே வரிக்கு மஞ்சள், பச்சை என இரண்டு கோடு! திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் பழகிவிடும். பார்த்ததும் "தெரியும்" என்று தோன்றும். பரீட்சையில் அந்தப் பக்கம் கண் முன்னால் இருக்காது.

2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு பக்கம். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ராத்திரி படித்தால் எல்லாம் தெரிகிறது, பரீட்சையில் காணோம் என்பதற்குக் காரணம் இதுதான்.

அப்பாவுக்கு எழுதிய மாற்றம் இது. இருபது நிமிடம் படிக்கட்டும். புத்தகத்தை மூடி, நினைவில் உள்ளதை வெள்ளைத் தாளில் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். சிவப்பான இடத்தை மட்டும் மறுபடி படித்தால் போதும். அதே கேள்வியை மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று பார்க்காமல் எழுத வேண்டும். படுக்கை பத்து மணிக்கு. நாலு மணி அலாரம் வேண்டாம். "இரண்டு வாரம் பக்கங்கள் குறைவாகத்தான் ஓடும், திட்டாதீர்கள்" என்றும் எழுதினேன்.

மனப்பாடமே கூடாதா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். கூடும். வாய்பாடுகள், வரையறைகள் மனப்பாடம்தான். அதையும் பார்க்காமல் எழுதித்தான் சோதிக்க முடியும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. பையன் கழித்தலில் நின்றதற்கு மறதி காரணமில்லை. (r+a)² − (r−a)² = 4ra என்று சுருக்கத் தெரியவில்லை; கீழ் வகுப்பு இயற்கணிதம். எத்தனை தாள் எழுதினாலும் அது தானாக வராது, யாராவது உட்கார்ந்து சொல்லித் தர வேண்டும். ஆகவே எங்கே நிற்கிறாள் என்பதோடு ஏன் நிற்கிறாள் என்றும் பாருங்கள்.

இதை டியூஷனில் செய்ய மாட்டார்களா என்பீர்கள். அங்கே எழுபது பேர். பள்ளியிலாவது நடக்குமா? மாணவர்களின் செருப்பு அளவையும் சைக்கிள் கணக்கையும் கணினியில் ஏற்றவே எங்கள் மாலைகள் போயின. சர்வர் வேலை செய்யாத நாளில்தான் ஒரு தாளை நிதானமாகப் பிரித்திருக்கிறேன். சரி, அது வேறு கதை.

திருப்புதல் தேர்வில் பையன் 43. எழுதும்போது வராத 24, பத்தாகிவிட்டது. மற்றவை, நேரம் போதாத 7 உட்பட, அப்படியே நின்றன. இரண்டு மார்க் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுகிற பழக்கம் அவனுக்கு. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பழைய பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை, கடிகாரத்தை மேசையில் வைத்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுத வைத்தார் அப்பா. இரண்டு மார்க்குக்கு ஐந்து வரி என்று அளவும் வைத்தோம்.