நாத்தனார் போட்ட ஐந்து நட்சத்திரம்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் தோட்டத்துக் காபியையும் மிளகையும் சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் பாக்கெட் போட்டு, ஆன்லைன் சந்தை ஒன்றில் விற்கிறேன். போன மாதம், ரிவியூ விதியை மீறியதாகச் சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். விற்ற பணமும் நிற்கிறது. தரத்தில் நாங்கள் குறை வைத்ததே இல்லை. தொடக்கத்தில் நாத்தனாரும் அவர் பிள்ளைகளும் வாங்கி நல்ல ரிவியூ போட்டார்கள், பணத்தை ஜிபேயில் திருப்பிவிட்டேன். அது தவிர எதுவும் செய்யவில்லை. மூன்று முறை மேல்முறையீடு செய்தும் மறுத்துவிட்டார்கள். வேலைக்கு இருந்த பெண் செய்துவிட்டாள், நீக்கிவிட்டோம் என்று எழுதச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். எழுதலாமா?
– வாசகி, சேலம்

பதில்: "அது தவிர எதுவும் செய்யவில்லை" என்கிறீர்களே அம்மா, அவர்கள் சொல்லும் மீறலே அதுதான். கொலை செய்ததைத் தவிர வேறு தப்பு செய்யவில்லை என்பது போல இருக்கிறது உங்கள் கணக்கு.

முகம் தெரியாத ஒருவர் மதுரையிலிருந்து உங்கள் மிளகை வாங்குவது, முன்பு வாங்கியவர் எழுதியதை நம்பித்தான். அந்த இடத்தில் உங்கள் நாத்தனாரை உட்கார வைத்துவிட்டீர்கள். பணத்தையும் திருப்பிக் கொடுத்த பிறகு அது விற்பனையும் இல்லை, விமர்சனமும் இல்லை. குடும்பத்தார் எழுதுவதையும், பணமோ இலவசப் பொருளோ கொடுத்து எழுத வைப்பதையும் பெரிய சந்தைகள் வெளிப்படையாகவே தடை செய்திருக்கின்றன. 2022இல் இந்திய தர நிர்ணய அமைவனமும் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. காபி நன்றாக இருப்பது இதற்குப் பதில் ஆகாது. மூன்று மனுவிலும் தரத்தைப் பற்றியே எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்ட கேள்வி வேறு.

ஏஜென்ட் சொல்லும் பொய்யை எழுதவே கூடாது. இல்லாத ஒரு வேலைக்காரப் பெண்ணின் தலையில் பழியைப் போடுவது அசிங்கம் என்பது என் கட்சி. அது பிடிக்காவிட்டால் லாபக் கணக்காகவே பாருங்கள்: ஆர்டர் போன முகவரி, போன் எண், பணம் கட்டிய கார்டு எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. ஒரே வீட்டுக்குப் போன பாக்கெட்டுகளுக்கெல்லாம் ஐந்து நட்சத்திரம் வந்திருப்பதை அவர்கள் பார்த்துவிட்டுத்தான் முடக்கியிருப்பார்கள். மனுவும் பொய் என்று தெரிந்தால் கதவு நிரந்தரமாக மூடிக்கொள்ளும். கணவர் பெயரில் புதுக் கணக்கு தொடங்கும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். முடக்கப்பட்ட கணக்கோடு தொடர்புடையது என்று அதையும் முடக்குவார்கள்.

முதலில், அவர்கள் அனுப்பிய அறிவிப்பை எடுத்து, எந்தெந்தப் பொருளைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ஒரு தாளில் பட்டியல் போடுங்கள்: ஆர்டர் எண், தேதி, வாங்கியவர், உங்களுக்கு என்ன உறவு, திருப்பிக் கொடுத்த தொகை. ஜிபே வரலாற்றைத் திறந்தால் மறந்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கணவரின் நண்பர் ஒருவர் போட்டிருந்தால் அதையும் சேருங்கள். ஒன்றை மறைத்து, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், மற்ற எல்லா உண்மையும் வீண். அடுத்து அந்த ரிவியூக்களை எழுதியவர்களே தங்கள் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். உங்களால் நீக்க முடியாது. திருத்தி எழுதச் சொல்லவும் கூடாது.

மனு ஒரு பக்கம் போதும், எளிய ஆங்கிலத்தில். காரணம், இதுவரை சரிசெய்தது, இனி நடக்காமல் இருக்க வழி என்ற மூன்றைத்தான் தேடுவார்கள். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று தொடங்காதீர்கள். "விற்பனையைத் தொடங்கியபோது என் கணவரின் தங்கை குடும்பத்தாரை நானே வாங்கச் சொல்லி, ரிவியூ எழுதக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விவரம் இணைப்பில் இருக்கிறது. இன்ன தேதியில் அவை நீக்கப்பட்டன" என்று எழுதுங்கள். உங்கள் நாத்தனார் கணவருக்கு அக்கா என்றால் அக்கா என்றே போடுங்கள். இனி உறவினர் ஆர்டர்களை இந்தக் கணக்கில் எடுப்பதில்லை, பாக்கெட்டுக்குள் ரிவியூ கேட்கும் சீட்டு வைப்பதில்லை, சந்தையே கொடுக்கும் ரிவியூ கோரிக்கை வசதியை மட்டும் பயன்படுத்துவோம் என்பவை மூன்றாம் பகுதிக்கு. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மலையில் பட்ட கஷ்டம் எதுவும் வேண்டாம்.

இவ்வளவு செய்தும் கணக்கு திரும்பாமல் போகலாம். ரிவியூ விஷயத்தில் அவர்கள் இறங்கி வருவது குறைவு. ஆனால் நிறுத்திவைத்த பணம் தனி விஷயம். திருப்பி அனுப்பல்களும் புகார்களும் தீர்ந்ததும் அது எப்போது வரும் என்று தனியாகக் கேளுங்கள்.

நாத்தனாரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் கணக்கிலும் ரிவியூ எழுதும் உரிமையைப் பறிக்கக்கூடும். அதை அவர் வேறு யார் மூலமாகவும் தெரிந்துகொள்ளக் கூடாது. உறவுக்காரர்கள் பாக்கெட் ஒட்டட்டும், காபிக்கொட்டை பொறுக்கித் தரட்டும். அதற்குத்தான் குடும்பம். மனுவை அனுப்பிய பிறகு, பதில் வரும்வரை அதையே திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். அவர்கள் கூடுதலாக ஏதாவது கேட்டால் அதை மட்டும் கொடுங்கள்.